கையில் காசில்லாமல் ட்ராப்ஷிப்பிங்கா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி, கூடவே அவன் அம்மா. "அக்கா, நூறு ஆர்டர் வந்துச்சு, கையில ஒண்ணும் இல்ல, காசு எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினான். சேலத்தில் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவள் நான், ஜோசியம் பார்ப்பவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நோட்டைப் பிரிக்காமலே எனக்குப் பதில் தெரியும்.

ட்ராப்ஷிப்பிங் தொழில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேலைப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு ஆர்டர் பிடிக்க வேண்டும், சூரத் சப்ளையர் நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சரக்கு நம் கைக்கு வராது. இதை வைத்துத்தான் "முதலீடே வேண்டாம்" என்று வீடியோ போடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

தம்பியின் நோட்டில் இருந்தது ஒரே வரி: விற்கும் விலை 799-இல் சப்ளையர் விலை 350 போக 449, நூறு சேலைக்கு லாபம் 44,900. சரி, இப்போது பணம் போன வழியைப் பார்ப்போம். புது ஆளுக்கு யார் கடன் தருவார்கள்? சப்ளையருக்கு முன்பணமாக 35,000. ஓர் ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 150 வீதம் 15,000. கூரியர் கணக்கில் முன்கூட்டியே ரீசார்ஜ் செய்தால்தான் பார்சல் கிளம்பும், அது 10,000. ஆக 60,000 போன பிறகுதான் முதல் ரூபாய் திரும்பி வருகிறது, ஏனென்றால் பெரும்பாலான ஆர்டர் கேஷ் ஆன் டெலிவரி; டெலிவரியான பிறகும் கூரியர்காரர் அந்தப் பணத்தைச் சில நாள் கழித்துத்தான் போடுவார். இதற்குப் பெயர் முதலீடு இல்லாமல் வேறென்ன? அந்த 60,000 அம்மாவின் சீட்டுப் பணம்.

நூறில் 30 பார்சல் திரும்பிவிட்டது. திரும்பி வரும் கூலி 80 வீதம் 2,400. விற்ற 70-க்கு வந்தது 55,930. அந்த எழுபதின் விலை 24,500, விளம்பரம், கூரியர், திரும்பு கூலி எல்லாம் கழித்தால் மிச்சம் 4,030. அதுவும் சப்ளையர் திரும்பிய 30 சேலையையும் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தால்தான். அவர் மாட்டேன் என்றுவிட்டார், அப்புறம் 6,470 நட்டம். வெளிமாநிலத்துக்கு ஒரு சேலை விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், விற்பனை வரம்புக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. தம்பி பெங்களூருக்கு விற்றிருக்கிறான், பதிவு இல்லை. அது தனிப் பஞ்சாயத்து.

ஏன் 30 திரும்பியது? போனை வாங்கி ஒவ்வொரு பார்சலாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் "Manifested" என்ற நிலையிலேயே நாலு நாள், ஐந்து நாள் நின்றிருக்கிறது. சப்ளையர் லேபிள் அடித்துவிட்டார், சேலை கிளம்பவில்லை என்று அர்த்தம். கையில் சரக்கு இல்லாமலே இருப்புப் பட்டியலில் "இருக்கு" என்று வைத்திருக்கிறார். இரவு பத்து மணிக்கு ஆசைப்பட்டு ஆர்டர் போட்ட பெண், பத்து நாள் கழித்து டெலிவரி பையன் கதவைத் தட்டும்போது "வேண்டாம்பா" என்கிறாள். பணம் கொடுக்காதவளுக்கு என்ன நட்டம்? நட்டமெல்லாம் நடுவில் நிற்கிறவனுக்கு.

இப்படிச் செய்யுங்கள். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் போடும் முன்பு, உங்கள் வீட்டு முகவரிக்கே மூன்று ஆர்டர் போட்டு எத்தனை நாளில் வருகிறது, நிறம் படத்தில் இருப்பதுதானா என்று பாருங்கள். திரும்பும் சரக்கை எடுத்துக்கொள்வாரா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். "Manifested" இரண்டு நாள் தாண்டினால் வாடிக்கையாளரை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இளம்பிள்ளையில் தறி ஓடுகிறது, பஸ் ஏறினால் சரக்கைத் தொட்டுப் பார்த்துப் பேசலாம். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு சூரத் படத்தை நம்புவது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். "சப்ளையர் தப்புங்க" என்று வாடிக்கையாளரிடம் கைவிரிக்காதீர்கள். அவருக்கு விற்றது நீங்கள். சொன்ன தேதிக்கு மேல் தாமதமானால் பணத்தைத் திருப்ப மாட்டேன் என்று சொல்ல 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் விடாது. இந்த நூறு போக, தம்பிக்கு முன்கூட்டியே பணம் கட்டி, சேலை வராமல் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவர்கள் பணத்தைத் திருப்பி அனுப்பு என்றேன். அம்மா தன் போனை எடுத்துக் கொடுத்தார், 1,598 ரூபாய் என் மேசையிலிருந்தே போனது.