உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்குமா?

சலவைக் கடை வைப்பதற்கு முன்பு சில வருடங்கள் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன் நான். அதனால் "உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தேன், அப்படியும் சாயம் போய்விட்டது" என்று யாராவது துணியை நீட்டினால் எனக்கு ஆச்சரியமே வருவதில்லை. ஊற வைத்ததால்தான் போயிருக்கும்.

போன மாதம் வந்தது ஒரு மெரூன் நிறப் பருத்திக் குர்தா. கழுத்தைச் சுற்றி வெள்ளை நூல் வேலைப்பாடு. அந்த வெள்ளை நூல் ரோஸ் நிறமாகியிருந்தது. முதல் துவைப்பிலேயே, உப்புத் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறிய குர்தா அது.

இன்று பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அது நூலோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த சாயம் சாதாரணத் துவைப்புக்கு அசையாது. ஆனால் சாயம் போடும்போது ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. அந்த வீண் சாயம் துணிக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் கொதிக்கக் கொதிக்கப் பலமுறை அலசி அதை வெளியேற்ற வேண்டும். தண்ணீரையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்கிறவர்கள் கை வைப்பது அந்த அலசலில்தான். மிச்சம் வைத்த சாயம் நம் வாளியில் இறங்குகிறது.

உப்புக் கதை எங்கிருந்து வந்தது என்றால், பட்டறையிலும் உப்புப் போடுவோம். சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளுவதற்கு. ஆனால் அங்கே அதைப் பிணைத்து நிறுத்துவது அடுத்துச் சேர்க்கும் காரம், உப்பு அல்ல. உப்பு போட்ட வாளியில் தண்ணீர் கொஞ்சம் தெளிவாகத் தெரியலாம். அடுத்த முறை நல்ல தண்ணீரில் போட்டதும் அதே சாயம் இறங்கும். நடுவில், இறங்கிய சாயத்தைப் பக்கத்து வெள்ளை நூலின் மேலும் உப்பே தள்ளிவிடும். அந்தக் குர்தாவுக்கு நடந்தது இதுதான். வினிகரும் அப்படியே. கம்பளி, பட்டு, நைலானுக்குப் போடும் அமிலச் சாயத்துக்குத்தான் அதற்கு வேலை உண்டு.

குர்தாவை என்ன செய்தேன்? பெரிய தொட்டி நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் திரவ டிடர்ஜென்ட். ஊற விடவில்லை. பத்து நிமிடம் கையால் அசைத்துக்கொண்டே இருந்து, உடனே அலசினேன். ஒவ்வொரு அலசல் தண்ணீரையும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வரிசையாக வைத்தேன். முதல் டம்ளர் நல்ல சிவப்பு, இரண்டாவது வெளிர் சிவப்பு, நான்காவது கிட்டத்தட்ட தெளிவு. இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் அது மிச்சச் சாயம், சில துவைப்பில் தீர்ந்துவிடும். ஐந்தாவது டம்ளரும் முதலாவது மாதிரியே இருந்தால் சாயமே பலமில்லாத வகை; அந்தத் துணியை ஆயுளுக்கும் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, வெள்ளைப் பகுதி மேல் எதுவும் படாமல் நிழலில் தொங்கவிட்டேன். பிழிந்து சுருட்டி வாளி ஓரத்தில் போட்டிருந்தால் மறுபடி ஒட்டியிருக்கும். இப்படி மூன்று முறை செய்ததில் ரோஸ் பெரும்பாலும் போய்விட்டது, தையல் ஓரத்தில் ஒரு நிழல் மட்டும் நின்றுவிட்டது. பிளீச் வைத்திருந்தால் மெரூனும் சேர்ந்து போயிருக்கும் என்பதால் அத்தோடு விட்டுவிட்டேன்.

கறுப்பு டி-ஷர்ட் சாம்பலாவது வேறு விவகாரம். அங்கே பல சமயம் சாயம் போயிருப்பதே இல்லை. வெளுத்த இடத்தில் தண்ணீர் தடவிப் பாருங்கள். பழைய கறுப்பு திரும்ப வந்தால் சாயம் உள்ளேயே இருக்கிறது. உராய்ந்து உராய்ந்து மேலே எழும்பிய பஞ்சு இழைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் சாம்பலாகத் தெரிகிறது. நனைத்தும் வெளுத்தே இருந்தால்தான் சாயம் உண்மையிலேயே போய்விட்டது என்று அர்த்தம். வெயிலோ பிளீச்சோ காரணமாக இருக்கும்.

எனவே கறுப்பைக் காப்பது பெரும்பாலும் உராய்வைக் குறைக்கும் வேலை. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். பிரஷ் வேண்டாம். மெஷினில் குறைந்த நேர ஓட்டம் போதும்; டிரம்மை அடைத்துத் திணிக்காதீர்கள், ஜீன்ஸ் மாதிரி முரட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். பவுடருக்குப் பதில் அடர்நிறத் துணிக்கென்று விற்கும் திரவம் நல்லது, ஏனென்றால் வெள்ளைக்கான பவுடர்களில் பல சமயம் பிளீச்சும் வெளிச்சமூட்டும் பொருளும் இருக்கும்.

புதுத் துணியை மற்றதோடு போடலாமா என்று சந்தேகம் வந்தால், உள்தையலில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணித்துண்டை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுங்கள். வெள்ளையில் நிறம் தெரிந்தால் அன்று அது தனியாகப் போகட்டும்.