பட்டர்மில்க்: மோரா, கெட்டிமோரா, திரிபாலா?

கேக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் பட்டர்மில்க் வரும் இடத்தில் 'மோர் ஒரு கப்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். படிக்கிறவர் நம்ம ஊர் மோரை எடுத்து ஊற்றுகிறார். மாவு தண்ணீராகிறது, கேக் நடுவில் அமுங்குகிறது, வாயில் வைத்தால் சவுக்காரச் சுவை. அப்புறம் சூளையையும் மாவையும் குற்றம் சொல்கிறோம். குற்றம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இதைத் திருத்தப் புறப்பட்ட சிலர் 'வெண்ணெய்ப்பால்' என்று எழுதத் தொடங்கியிருப்பது அதைவிட மோசம்.

ஆங்கிலத்தில் பட்டர்மில்க் என்றால் முதலில் வெண்ணெய் கடைந்து எடுத்தபின் மிஞ்சும் பால்நீர். நம்முடைய மோரும் அதுதான்: தயிரை மத்தால் கடைந்து, வெண்ணெயை வழித்துவிட்டால் கீழே நிற்பது. மோர் பழைய சொல். சங்கப் பாட்டிலேயே ஆய்மகள் மோர் விற்கிறாள். மலையாளத்திலும் அதே சொல்தான், கடைசியில் ஓர் உகரம் சேர்ந்து 'மோரு'. ஆக, பிறப்பில் இரண்டும் ஒன்று. ஆனால் இன்றைய மேல்நாட்டுக் குறிப்புகளில் வரும் பட்டர்மில்க் கடைந்ததே இல்லை. கொழுப்புக் குறைத்த பாலில் உறை ஊற்றிப் புளிக்கவைத்து, கட்டி உடைத்து, ஊற்றும் பதத்தில் புட்டியில் அடைத்தது. தண்ணீர் சேர்ப்பதில்லை. கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழும்.

முதலில் வெண்ணெய்ப்பாலை ஒரு வழி பண்ணிவிடலாம். தேங்காய்ப்பால் தேங்காயிலிருந்து பிழிந்தது. பாதாம்பால் பாதாம் அரைத்துக் கலந்தது. அந்த வரிசையில் வெண்ணெய்ப்பால் என்று கேட்கிற தமிழர் என்ன நினைப்பார்? வெண்ணெயிலிருந்து எடுத்த பால், இல்லையென்றால் வெண்ணெய் உருக்கி ஊற்றிய பால். இந்தப் பொருளோ வெண்ணெய் ஏறக்குறைய இல்லாதது. அந்த ஆங்கிலச் சொல்லின் இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பெயர்த்து ஒட்டியதுதான் இந்தக் கோளாறு. 'மோர் குடிக்கிற பானம், இது சமையல் பொருள், ஆகவே வேறு சொல் வேண்டும்' என்று இதற்கு ஆதரவாகச் சொல்கிறார்கள். வேறு சொல் வேண்டும் என்பது சரி. அது பொருளைத் தலைகீழாகக் காட்டுகிற சொல்லாக இருக்கக் கூடாது. இன்னொரு சாரார் 'அளை' என்கிறார்கள். தயிருக்கும் மோருக்கும் வழங்கிய பழஞ்சொல் அது, மறுப்பில்லை. ஆனால் அளை என்றால் பாம்பும் நண்டும் குடியிருக்கும் வளை என்றும் பொருள். 'அளை ஒரு கப்' என்று குறிப்பில் எழுதினால் அடுக்களையில் யாருக்கு விளங்கும்? தூய்மை வேண்டும்தான், ஆனால் அடுப்படிக்கு வராத தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

சொல்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும், கொல்லங்கோடு, சித்தூர், மீனாட்சிபுரம், ஆனைமலைப் பக்கத்து வீடுகளில் தமிழ் பேசுகிறவர்கள் புளித்த பாலுக்குப் பதத்துக்குப் பதம் சொல் வைத்திருக்கிறார்கள். உடைக்காதது கட்டத்தயிர். தண்ணீர் அதிகம் விடாமல் கடைந்தது கெட்டிமோர். தாராளமாகத் தண்ணீர் விட்டால் நீர்மோர்; அதிலேயே இஞ்சி, பச்சைமிளகாய், நாரக இலை கசக்கிப் போட்டால் சம்பாரம். பாலில் புளிப்புப் பட்டுக் கெட்டுப்போனால் தமிழில் 'திரிஞ்சிருச்சு', மலையாளத்தில் 'பிரிஞ்ஞு'. மொழிபெயர்ப்பவருக்கு வேண்டியது எல்லாம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. பட்டர்மில்க்குக்குக் கெட்டிமோர், பாலில் எலுமிச்சை பிழிந்து செய்யும் பதிலிக்குத் திரிபால். அதை 'எலுமிச்சை மோர்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். எலுமிச்சை மோர் கொண்டுவா என்றால் இங்கே சம்பாரத்தில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு வரும்.

இந்த வேறுபாடு ஏன் வேலையைக் கெடுக்கிறது என்றால், கெட்டிமோர் கேட்கிற குறிப்புகளில் பெரும்பாலும் சமையல் சோடாவும் இருக்கும். சோடா காரம், புளிப்போடு சேர்ந்தால்தான் உடனே நுரைத்து மாவை உப்ப வைக்கும். சுமாராக 240 மி.லி. கெட்டிமோரின் புளிப்பு அரைத் தேக்கரண்டிச் சோடாவைத் தின்று தீர்க்கும். புளிப்புக் குறைந்தால் சோடா மிஞ்சும். மிஞ்சிய சோடா சூட்டில் சலவைச் சோடாவாக மாறுகிறது. அந்தச் சவுக்காரச் சுவையும், உள்ளே மஞ்சளடித்த நிறமும், சீக்கிரமே கறுத்துப்போகும் மேலோடும் அதனால்தான்.

அயர்லாந்துக்காரர்களின் சோடா ரொட்டியை எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. கெட்டிமோரும் சோடாவும் மட்டுமே அதைத் தூக்குகின்றன. பதிலி சரியா இல்லையா என்று இதில் ஒளிக்க முடியாது. சின்ன ரொட்டிக்கு 225 கிராம் மைதா (பாதி கோதுமை மாவும் ஆகலாம்), அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, 200 மி.லி. கெட்டிமோர். கலந்த உடனே சூளையில் வைக்க வேண்டும், 200 டிகிரி, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தாமதித்தால் நுரை வெளியே போய்விடும்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் சிறந்தது தயிர் வழி. 150 மி.லி. தயிரில் 50 மி.லி. தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் அடித்தால் போதும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு. எருமைத் தயிர் கெட்டியாக இருந்தால் தண்ணீரை இன்னும் ஒரு வாய் கூட்டலாம். கரண்டியைக் கவிழ்த்தால் பட்டையாக வழிய வேண்டும், சொட்டுச் சொட்டாக விழக் கூடாது. தயிர் புளித்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அன்று காலை உறைந்த தித்திப்புத் தயிரில் சோடாவுக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு இருக்காது. முந்தைய நாள் தயிர் நல்லது. பாக்கெட் தயிர் என்றால் குளிர்பெட்டிக்கு வெளியே மூன்று நான்கு மணி நேரம் வைத்து, நாக்கில் சுருக்கென்று படுகிறதா பார்த்து எடுக்க வேண்டும். கடையில் விற்கும் மோர்ப் பாக்கெட்டை இதற்கு எடுக்காதீர்கள். உப்பும் மிளகாயும் பெருங்காயமும் சேர்ந்தது அது.

நீர்மோரை ஊற்றியவர் என்ன செய்தார் என்பது இப்போது கணக்கில் தெரியும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் 200 மி.லி. நீர்மோரில் இருப்பது 50 மி.லி. தயிர். தயிர் வழியில் இருக்கும் புளிப்பில் மூன்றில் ஒரு பங்குதான். சோடாவில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். மாவும் உருண்டை பிடிக்க வராது.

தயிர் இல்லாத வீட்டுக்குத் திரிபால். வழக்கமாகச் சொல்லும் அளவு: கப்பில் ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) எலுமிச்சைச் சாற்றை முதலில் விட்டு, மேலே பாலை 240 மி.லி. கோடு வரை ஊற்றி, ஒரு தடவை கலக்கிப் பத்து நிமிடம் விடுவது. காய்ச்சிய பாலாக இருக்கலாம், ஆனால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆறிய பாலில் சின்னச் சின்னத் துகளாகத் திரிந்து லேசாகக் கொழகொழக்கும், அவ்வளவுதான். தயிர்போல உறையும் என்று காத்திருக்காதீர்கள். சூடான பாலில் பிழிந்தால் பன்னீர் வேறு, பச்சைத் தண்ணீர் வேறு என்று பிரிந்துவிடும். அது மாவில் சீராகக் கலக்காது.

குறிப்புகள் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது: இந்த அளவில் செய்த திரிபாலின் புளிப்பு கெட்டிமோரின் புளிப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். பேக்கிங் பவுடரும் கூட இருக்கிற கேக்கில் இது பெரிதாகத் தெரியாது. சோடா ரொட்டியில் தெரியும். இரண்டு வழி உண்டு. 200 மி.லி.க்குள் சாற்றை ஒன்றரை மேசைக்கரண்டியாக்கலாம். ரொட்டியில் எலுமிச்சை வாசம் கொஞ்சம் வரும். இல்லையென்றால் சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்கலாம். இரண்டாவதுதான் எனக்கு உகந்தது. அப்போதும் மாவு தயிர் வழியைவிடத் தளர்வாக இருக்கும் என்பதால் பாலை மொத்தமாக ஊற்றாமல் 170 மி.லி. விட்டுப் பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும்.

எங்கே கெட்டிமோர் உண்மையில் தேவை என்பதைச் சோடாவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். குறிப்பில் சோடா இருந்து, எலுமிச்சை, வினிகர், தயிர் என்று வேறு புளிப்பு எதுவும் இல்லையென்றால் கட்டாயம் தேவை. பேக்கிங் பவுடர் மட்டும் இருந்தால் கெட்டிமோர் சுவைக்காகப் போட்டது. வெறும் பால் ஊற்றினாலும் மாவு உப்பும், சுவை மட்டும் கொஞ்சம் மந்தமாகும். கோழியை ஊறவைக்கச் சொல்லும் இடத்தில் திரிபாலுக்கு வேலையே இல்லை, உப்புப் போட்டு அடித்த தயிர் கோழியில் ஒட்டி நிற்கும். காய்ச்சாமல் சாலட்டில் ஊற்றுவதற்கும் தயிரே. திரிபாலில் புளிப்பு உண்டு, தயிர் புளித்து வரும் அந்த மணம் கிடையாது.

நம் சமையலுக்கு இந்தப் பதிலி வரவே கூடாது. மோர்க்குழம்புக்கு, மோர் இல்லையென்றால் பாலில் எலுமிச்சை பிழிந்து ஊற்றலாம் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலக் குறிப்பில் படித்த பதிலியை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவது. எழுதியவர் ஒரு தடவையாவது வைத்துப் பார்த்தாரா தெரியவில்லை. புளித்த மோரே அடுப்பில் திரியும் என்றுதான் தேங்காய், சீரகத்தோடு கொஞ்சம் அரிசியும் அரைத்துவிட்டு, தீயைக் குறைத்து, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குகிறோம். ஏற்கெனவே திரிந்து நிற்கும் பாலைச் சூடாக்கினால் துகள் எல்லாம் இறுகிப் பன்னீர்த் தூளாகும், குழம்பு அடியில் தண்ணீராக நிற்கும். மோர் மிளகாய்க்கும் அதுவே கதி: நாள்கணக்கில் புளித்த மோரில் ஊறவைத்து வெயிலில் போட்டு எடுக்கிற பண்டம் அது, பால் திரிந்தால் வெயிலில் நாறும்.

குறிப்பு எழுதுகிறவர்கள் வாங்கும் பொருள் வரிசையில் இப்படிப் போட்டால் போதும்: 'கெட்டிமோர் 200 மி.லி. (முந்தைய நாள் தயிர் 150 மி.லி., தண்ணீர் 50 மி.லி., அடித்தது)'. ஒரு வரி கூடுகிறது, வேறு நஷ்டம் இல்லை.