‘சட்டப்படியான ஆட்சி’ என்று எழுதாதீர்கள்

‘ரூல் ஆஃப் லா’ என்பதற்குச் ‘சட்டப்படியான ஆட்சி’ என்று எழுதுவதும் பேசுவதும் பெருகிவிட்டது. கேட்க நல்ல தமிழாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் தவறு. அந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். சட்டம் என்றால் மரச்சட்டம், ஒன்றை அதன் வடிவில் பிடித்துவைக்கும் கட்டு; சட்டகம் என்பதும் அதன் உறவுச் சொல்தான். ஆட்சி, ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத் தொடரைப் பரப்பியது ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசியின் 1885ஆம் ஆண்டு நூல். யாரும் சட்டத்துக்கு மேலே இல்லை, சட்டத்தை மீறியதாக வழக்கமான நீதிமன்றத்தில் நிறுவாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பவை அவர் சொன்னவற்றில் முக்கியமானவை. ‘ரூல்’ என்பதை விதி என்று எடுத்துக்கொண்டு ‘சட்ட விதி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வெறும் பிழை.

இப்போது தொடரைப் பாருங்கள். சோழர் ஆட்சி என்றால் ஆள்பவர் சோழர். மக்களின் ஆட்சி என்றால் ஆள்பவர் மக்கள். அதேபோல் சட்டத்தின் ஆட்சி என்றால் ஆள்வது சட்டம். அமைச்சரும் அதிகாரியும் அதற்குக் கீழே. ‘சட்டப்படியான ஆட்சி’யில் ஆள்பவர் வேறு யாரோ. சட்டம் அவர் ஆளும் விதத்தைச் சொல்லும் அடைமொழியாகக் குறுகிவிடுகிறது. அந்தச் சட்டத்தை எழுதியவரும் அவரே என்றால், அவர் எதைச் செய்தாலும் சட்டப்படிதான்.

இலங்கையில் புழங்கும் ‘சட்டவாட்சி’யும் இங்கே சிலர் எழுதும் ‘சட்ட ஆட்சி’யும் இந்த அளவுக்குத் தவறில்லை. ஆனால் அவை தொகைகள், உருபு மறைந்திருக்கிறது. ‘சட்டத்தினது ஆட்சி’ என்றும் விரிக்கலாம், ‘சட்டத்தால் ஆளும் ஆட்சி’ என்றும் விரிக்கலாம். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ஆகவே உருபை வெளியே வைத்து எழுதுவதே தெளிவு.

வழக்குக்கு வருகிறேன். நெருக்கடிநிலையின்போது, 1975 ஜூன் 27 அன்று, அரசமைப்பின் 359ஆவது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். சமத்துவம், உயிர், தனிமனிதச் சுதந்திரம், கைதுக்கு எதிரான பாதுகாப்பு பற்றிய 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக யாரும் நீதிமன்றத்தை அணுக முடியாது என்றது அது. விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் செய்த திருத்தங்களால், ஒருவரை ஏன் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டியதும் இல்லாமல் போனது. பல உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றம் போனது. அதுதான் ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கு.

விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா? தன் வாதத்தின்படி, நெருக்கடிநிலை இருக்கும்வரை இல்லை என்றார் டே. 1976 ஏப்ரல் 28 அன்று வந்த தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். அரசமைப்புதான் சட்டத்தின் ஆட்சி, அதற்கு வெளியே தனியாக ஒன்று இல்லை என்றார் தலைமை நீதிபதி ஏ.என். ரே. கன்னா மட்டும் மறுத்தார். சட்டத்தின் ஆட்சி இல்லாத நிலை, எல்லாச் சட்டங்களையும் நீக்கும் ஒரு சட்டத்தின் மூலமே வந்தாலும், அது சட்டத்தின் ஆட்சி இல்லாத நிலைதான் என்று எழுதினார்.

இந்த வாக்கியத்தில் ‘சட்டப்படியான ஆட்சி’ என்று போட்டுப் பாருங்கள். சட்டம் போட்டுத்தானே செய்தார்கள், அப்புறம் சட்டப்படியான ஆட்சி எப்படி இல்லாமல் போகும்? வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்கிறது. கன்னா எதை எதிர்த்து எழுதினாரோ அதையே அவர் வாயில் வைத்துவிடுகிறது இந்த மொழிபெயர்ப்பு.

எதிர்முனையில் இன்னொரு கட்சி இருக்கிறது. ‘நீதியாட்சி’ என்போம், அல்லது பழந்தமிழில் இருக்கவே இருக்கிறது ‘செங்கோன்மை’ என்கிறார்கள். தூய தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. செங்கோன்மை அரசனின் குணம். கோலைப் பிடித்திருப்பவன் அவன். அது வளையாமல் இருப்பது அவன் மனத்தைப் பொறுத்தது. ‘நீதியாட்சி’யின் சிக்கல் வேறு. அறிஞர்கள் இன்னும் முடிக்காத ஒரு வாதத்தை அது ஒரு பக்கமாக முடித்துவைத்துவிடுகிறது.

அந்த வாதம் இதுதான். சட்டத்தின் ஆட்சி சட்டத்தின் வடிவத்தை மட்டும் பற்றியதா, உள்ளடக்கத்தையும் பற்றியதா? வடிவக் கட்சியில் முக்கியமானவர் சட்டத் தத்துவ அறிஞர் ஜோசப் ராஸ். சட்டம் வெளிப்படையாக, தெளிவாக, நிலையாக இருக்க வேண்டும். முன்தேதியிட்டுத் தண்டிக்கக் கூடாது. நீதிமன்றம் சுதந்திரமாக, எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். இவை இருந்தால் போதும். இனப் பாகுபாடு உள்ள நாடும் இவற்றுக்குப் பொருந்தி நடக்க முடியும் என்று 1977இல் அவரே எழுதினார். அதை அவர் நல்லது என்று சொல்லவில்லை. சட்டத்தின் ஆட்சி என்பதை நல்ல சட்டங்களின் ஆட்சி என்று ஆக்கிவிட்டால், நல்ல சமூகம் எது என்ற முழுத் தத்துவத்தையும் அதற்குள் அடைக்க வேண்டிவரும். சொல்லுக்கென்று தனி வேலை இருக்காது என்பது அவர் கவலை. எல்லா நன்மைக்கும் ஒரே பெயர் வைத்தால், எது குறைகிறது என்று சுட்ட முடியாது.

உள்ளடக்கக் கட்சிக்கு பிரிட்டிஷ் நீதிபதி டாம் பிங்ஹாம். மக்களில் ஒரு பகுதியைக் கொடுமைப்படுத்தும் அரசு, வதைமுகாமுக்கு ஆட்களை அனுப்புவதைக்கூட விரிவான சட்டம் போட்டு அதன்படியே செய்தாலும், அங்கே சட்டத்தின் ஆட்சி இருப்பதாக அவர் ஏற்கமாட்டார். மனித உரிமைப் பாதுகாப்பும் அதில் ஓர் அங்கம் என்பது அவர் கட்சி. ஒன்று கவனியுங்கள்: பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் இந்தத் தொடரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனால் வரையறுக்கவில்லை. மூலமே திறந்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர் மூட வேண்டாம்.

ஜபல்பூர் வழக்கை வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் நடந்த மோதலாகச் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். காரணம் சொல்லாத காவலும் மூடிய நீதிமன்றக் கதவும் ராஸின் அளவுகோலிலேயே தோற்றுவிடும். அரசுத் தரப்பு கேட்டது வடிவக் கொள்கைக்கும் கீழே உள்ள ஒன்றை, சட்டத்தைக் கருவியாக வைத்து ஆள்வதை. ‘சட்டப்படியான ஆட்சி’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். உள்ளடக்கக் கட்சியின் உண்மையான சோதனை தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டு குழுப் பகுதிகள் சட்டம் போன்றது: முறையாக இயற்றி, வெளியிட்டு, எந்த இனம் எங்கே வசிக்கலாம் என்று சட்டமாகவே எழுதியது. அங்கேதான் ராஸும் பிங்ஹாமும் பிரிகிறார்கள்.

இந்தப் பிரிவை எழுதும்போதும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள். ‘சப்ஸ்டான்டிவ்’ என்பதைக் ‘கணிசமான’ என்று எழுதினால் அளவு பற்றிய பேச்சாகிவிடும். ‘ஃபார்மல்’ என்பதை ‘முறையான’ என்று எழுதினால் மற்றது முறைகேடு போலத் தொனிக்கும். வடிவம் சார்ந்த பார்வை, உள்ளடக்கம் சார்ந்த பார்வை என்று எழுதினால் பள்ளி மாணவருக்கும் புரியும்.

ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017இல், தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் தள்ளிவிட்டது. 1978இல் வந்த 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடிநிலையிலும் 21ஆவது பிரிவுக்காக நீதிமன்றம் போவதைத் தடுக்க முடியாது. கன்னாவோ 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவிக்கு அவரைத் தாண்டி எம்.எச். பெக்கை நியமித்தபோதே பதவி விலகிவிட்டார். அவர் தீர்ப்பைத் தமிழில் தருகிறவர்கள் ‘சட்டத்தின் ஆட்சி’ என்றே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.