தாடி போனால் தாடை யாருடையது?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஃபோனை நீட்டினான். கல்யாண மண்டபத்தில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு, ஜன்னல் பக்கத்திலிருந்து வெளிச்சம். ஆனால் முகத்தில் பாதி தாடி.

"பழனிக்கு வேண்டிக்கிட்டு வளத்தாருண்ணே. முடி எறக்குறதுக்குள்ள போயிட்டாரு. எங்கப்பாவுக்குத் தாடியே கெடையாது. தாடிய மட்டும் எடுத்துருங்க, மீசை இருக்கட்டும்."

கருமாதிக்கு நான்கு நாள் இருந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல ஃபிரேம் போட்டு, அதையே ஃபிளெக்ஸுக்கும் கொடுக்க வேண்டும். மதுரையில் எங்கள் படம் திருத்தும் தொழிலில் இது மாதத்துக்கு இரண்டு மூன்று வரும் வேலை. வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய படத்தை விட்டு, எடுத்தவரிடமிருந்து ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். சுருங்கிய படத்தில் தோலின் துளைகள் அழிந்துபோயிருக்கும். பிறகு தாடைக்கு ஒட்டத் தோலே கிடைக்காது.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். ஃபோட்டோஷாப்பில் கன்னத்துத் தோலை Clone Stamp கொண்டு கீழே இழுத்துத் தாடியை மூடுவார்கள். முகம் உப்பிப் போகும். கன்னம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கிறது, தாடையின் அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருக்கிறது. ஒன்றின் வெளிச்சத்தை இன்னொன்றின் மேல் வைத்தால் திருப்பம் மறைந்து, மாவு பிசைந்து ஒட்டியது போல ஆகிவிடும். சரி, Healing Brush எடுக்கலாம் என்றால் அது சுற்றியிருக்கும் நிறத்தோடு கலக்கப் பார்க்கும். தாடியின் ஓரத்தில் அதை ஓட்டினால் கறுப்பையும் சேர்த்து இழுத்து, கரி பூசினது மாதிரி ஒரு திட்டு விழும்.

நான் முதலில் தோலைப் பற்றி யோசிப்பதே இல்லை. வெறும் லேயர் ஒன்று போட்டு, ஓரம் மென்மையான பிரஷ்ஷில் Flow ஐந்து முதல் எட்டு சதவீதம் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை மட்டும் வரைவேன். நிறத்தை அந்த முகத்திலிருந்தே மூன்று இடத்தில் எடுப்பேன்: வெளிச்சம் படும் கன்னம், கன்ன எலும்புக்குக் கீழே திரும்பும் இடம், கழுத்தின் நிழல். இந்தக் கட்டத்தில் முகம் மெழுகுப் பொம்மை மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வந்தால் மூக்கின் நிழலைப் பார்த்தால் போதும்.

கீழுதட்டுக்கு அடியில் ஒரு பள்ளம், அதன் கீழே மோவாயின் மேடு, பிறகு தாடை ஓரம். மேட்டின் வெளிச்சம் மூக்கு நுனியின் வெளிச்சத்தைவிட மங்கலாக, பரவலாக இருக்க வேண்டும். தாடை ஓரத்தைக் கோடாக வரையக் கூடாது. வெளிச்சப் பக்கம் அது கழுத்து நிழலின் மேல் தெளிவாகத் தெரியும், நிழல் பக்கம் கழுத்தோடு கரைந்துவிடும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இவர் போட்டிருப்பது வெள்ளைச் சட்டை. அதிலிருந்து வெளிச்சம் திரும்பித் தாடைக்கு அடியில் படும். தாடி இருந்தவரை அதை முடி விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது அடிப்பக்கம் முழுக் கறுப்பாக இருந்தால் பொய். கழுத்திலும் காலரிலும் விழுந்திருக்கும் தாடியின் நிழலையும் எடுக்க வேண்டும். தாடி போய் அதன் நிழல் மட்டும் மிச்சமிருக்கும் படங்களை ஃபிளெக்ஸ்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோல் அதற்கு அப்புறம்தான். நெற்றியில் ரேகைகள் இருப்பதால் அது உதவாது. காதோரக் கன்னத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் துண்டு எடுத்து, நிறத்தை நீக்கி, High Pass இரண்டு மூன்று பிக்சல் அளவில் கொடுத்து, Linear Light முறையில் வரைந்ததன் மேல் வைப்பேன். அப்போது நிறமும் நிழலும் கீழே வரைந்ததுதான், மேலே வருவது துளைகள் மட்டும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வைத்தால் கண் உடனே பிடித்துவிடும், அதனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும்.

கடைசியில் சவரம் செய்த சாயல். சவரம் செய்த ஆணின் தாடை ஒருபோதும் கன்னத்தின் நிறத்தில் இருக்காது. தோலுக்குள் நிற்கும் முடி வேர் அதைச் சற்றுச் சாம்பலாக்கும். நம் மாநிறத்தில் அது நீலமாகத் தெரியாது, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். மோவாயில் அழுத்தமாகவும் கன்னத்தை நோக்கிப் போகப்போக மெலிந்தும் வர வேண்டும். இதை விட்டால் ஐம்பத்தெட்டு வயது முகத்தில் பத்து வயதுப் பையனின் மோவாய் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். பையனுக்குத் திருப்தி. மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அவுக இல்லப்பா. அவுக தம்பி மாதிரி இருக்கு" என்றார்.

குறை தோலில் இல்லை, வடிவத்தில். தாடிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே என் கை பழகிய உருண்டை மோவாயைப் போட்டிருந்தேன். எந்த மென்பொருளும் தாடிக்குள் எட்டிப் பார்க்காது. வேறு படம் வேண்டும், அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

பழைய கல்யாண ஆல்பமும் வாக்காளர் அட்டையும் வந்தன. ஆல்பப் படத்தை ஸ்கேன் செய்து, பாதி ஒளிபுக வைத்து, இரண்டு கண்ணும் மூக்கின் அடியும் பொருந்தும்படி மேலே வைத்துப் பார்த்தேன். அவருடைய மோவாய் சதுரம், நான் போட்டதைவிட நீளமும் கூட. ஆனால் அப்படியே எடுத்து வைக்க முடியாது. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தாடை ஓரம் மாறிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த ஃபோன் படத்தில் மூக்கு பெரிதாகித் தாடை ஒடுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது இருபத்தாறு வயதுத் தாடை. வயதில் கன்னத்துச் சதை தாடை ஓரத்தில் இறங்கி, வாயோரத்தில் சின்னத் தொங்கல் விழும். எனவே அகலத்தையும் நீளத்தையும் ஆல்பத்திலிருந்து எடுத்தேன், சதையை வாக்காளர் அட்டையிலிருந்து. அட்டை மங்கல்தான், ஆனாலும் தொங்கல் எங்கே என்று காட்ட அது போதும்.

நான்கு படம் கொண்டுவரச் சொன்னால் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். நேர்ப் பார்வையில் ஒன்று, கடைசி ஐந்தாறு வருடத்தில் எடுத்தது ஒன்று, குறைந்தது இந்த இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் நான் முழுச் சவரம் செய்ய மாட்டேன். தாடியைக் குறைத்து இரண்டு நாள் முடி மாதிரி விட்டுவிடுவேன், தெரியாத ஓரத்தை அந்த முடி மறைத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் தாடியை எடுத்துத் தரச் சொல்பவர்களுக்குச் செய்வதே இல்லை. அதில் முகத்தை மாற்றக் கூடாது. பக்கத்துச் சலூனுக்குப் போய்விட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன்.

இரண்டாவது பிரிண்ட்டை அம்மா கையில் வாங்கினார். "ஆமா, அவுகதான்" என்றவர், "மோவாயில ஒரு தழும்பு இருக்கும்ல?" என்று மகனைப் பார்த்தார். எந்தப் படத்திலும் அது தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது என்றார் அம்மா, வலது என்றான் மகன். எதிரே நின்று பார்த்த இடதா, அவருடைய இடதா? கடைசியில் மகனை நாற்காலியில் உட்கார வைத்து, அம்மாவை எதிரே நிற்கச் சொல்லி, அவன் மோவாயில் விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். அவர் வைத்த இடம் மகனுடைய வலது பக்கம்.