ஒப்பந்தம் பாதியில் முடிந்தால்: தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியபோது, ஒரே பாகத்தை வருடக்கணக்கில் பொருத்தும் லைன்களும் நிரந்தர வேலையும் இருந்தன. இப்போது ஆர்டர் ஏறினால் ஆள் எடுக்கிறார்கள், இறங்கினால் அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு வசதியாகத்தான் 6 மாத, 11 மாத ஒப்பந்தங்கள். சட்டத்தில் இந்த ஆட்களுக்கும் உரிமை உண்டு. அது பறிபோவது பெரும்பாலும் கடைசி நாளில் போடும் ஒரு கையெழுத்தில்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் டெஸ்டிங் பிரிவில் 11 மாத ஒப்பந்தத்தில் வேலை செய்தார். 12 நாள் வீட்டில் இருக்கச் சொல்லி, அதே முதலாளி மறுபடியும் 11 மாத ஒப்பந்தம் தந்தார். ஐந்தாவது மாத முடிவில், ஆர்டர் இல்லை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். "இடைவெளி வந்துவிட்டது, ஒரு வருடம் ஆகவில்லை, உங்களுக்கு ஒன்றும் கிடையாது" என்பதுதான் அலுவலகத்தில் முதலில் சொல்லப்படும் பதில். அது தவறு. 1980ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து 30 நாளைத் தாண்டாமல், வேலை செய்த காலம் மொத்தம் 12 மாதம் இருந்தால் அது தொடர் சேவைதான். இவருக்கு 16 மாதம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், மிச்ச மாதங்களுக்கு விகிதப்படி. 16 மாதத்துக்கு 13.3 நாள். சராசரி நாள் சம்பளம் 70 ரிங்கிட் என்றால் ஏறக்குறைய 933 ரிங்கிட். வேலை போன நாளிலிருந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போனவர்களுக்கு மட்டும் இந்த இழப்பீடு இல்லை.

நோட்டீஸும் தனி. வேலை குறைந்ததால் அனுப்புகிறார்கள் என்றால், இவருக்குக் குறைந்தது 4 வார நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். ஒப்பந்தத்தில் "7 நாள் போதும்" என்று எழுதியிருந்தாலும் செல்லாது.

இப்போது பொறி எங்கே என்று பாருங்கள். கணக்கை முடிக்கும் நாளில் ஒரு தாள் நீட்டப்படும். தலைப்பு "லெத்தாக் ஜவாத்தான்" என்றிருந்தால், நீங்களாக ராஜினாமா செய்ததாக ஆகிவிடும். இழப்பீடும் போகும், பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிப் பணமும் போகும். "இரு தரப்பும் சம்மதித்து முடித்துக்கொண்டோம்" என்ற வாசகமும் காப்புறுதியைக் கெடுக்கும். "தாமாட் கொண்ட்ராக்" என்று இருந்தாலும் அதே கதிதான். ஒப்பந்தம் தன் தேதியில் தானாக முடிந்தால் அந்தக் காப்புறுதி கிடையாது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்திருந்தாலும் சரி. ஆனால் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் ஆர்டர் குறைவு என்று அனுப்பினால், அது வேலை இழப்பு. ஆகவே கடிதத்தில் காரணமும் தேதியும் இருக்க வேண்டும். சரியாக எழுதித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, "வீட்டில் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

அடுத்தது ஏஜென் விஷயம். நிற்பது ஒரே மேசையில்தான், ஆனால் சம்பளச் சீட்டில் ஏஜென் பெயர் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஏஜெனை மாற்றினால், முதலாளி மாறியதாகக் காட்டி, முந்தைய மாதங்கள் கணக்கில் வராது என்பார்கள். ஈபிஎஃப் அறிக்கையில் முதலாளி பெயர் மாதாமாதம் இருக்கும். அதை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அலுவலக அலைச்சல். இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம் தொழிலாளர் இலாகாவில். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்ற புகார் தொழிலுறவு இலாகாவில். காப்புறுதி பெர்கேசோவில். மூன்றும் வேறு வேறு. தொழிலாளர் இலாகாவில் கொடுத்த புகார் மற்ற இரண்டின் நாட்கணக்கை நிறுத்தாது. "எங்கள் வேலை இல்லை" என்று இரண்டு வாரம் கழித்துச் சொல்லும் கவுன்ட்டரும் உண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாள் என்பது தொழிலுறவு இலாகாவுக்கும் பெர்கேசோவுக்கும் பொருந்தும். முதல் முறை பெர்கேசோவில் கேட்பவருக்கு, கடந்த 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். இவரிடம் 16 இருக்கிறது.

தொழிலுறவு இலாகா படிவத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "வேலை வேண்டாம், பணம் மட்டும் போதும்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் புகார் வேலையைத் திரும்பக் கேட்பதற்காகத்தான் இருக்கிறது. மறுபடியும் வேலையில் சேர்க்கக் கோருகிறேன் என்று எழுதுங்கள். ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு நகலையும் இணையுங்கள். தாளில் ஒப்பந்தம் என்றிருந்தாலும், முதலாளியின் நடத்தையையும் வேலையின் தன்மையையும் பார்த்து அது உண்மையில் நிரந்தர வேலை என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. புகாரைக் கொடுத்ததும் தேதி முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 60ஆவது நாளுக்குள் கொடுத்ததற்கு அதுதான் சாட்சி.