பிவட் டேபிள் ஸ்கிரீன்ஷாட்டை விளக்குவதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் பிவட் டேபிளின் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. கூடவே ஒரே ஒரு சொல்: எக்ஸ்ப்ளெயின். எந்த மாதம், எந்தக் கேள்விக்கு, யாருக்காக என்று எதுவும் இல்லை. எம்ஐஎஸ் வேலையிலோ கணக்குப் பிரிவிலோ இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். அனுப்பியவர் மீட்டிங்கில் இருப்பார், பதில் உடனே வேண்டும். படத்தில் இருக்கும் எண்களையே வாக்கியமாக எழுதி அனுப்பிவிடத்தான் கை போகும். அந்த எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லாமலே நம் பதில் தப்பாகிவிடலாம். காரணம் பெரும்பாலும் ஃபில்டர்.

எனக்கு வந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஊர்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கிளைவாரி விற்பனை அது. தொகை லட்சத்தில்.

```
Bill Type     (Multiple Items)

Row Labels    Sum of Amount    % of Total
கோவை             42.6           40.6%
திருப்பூர்          31.4           29.9%
ஈரோடு            18.9           18.0%
சேலம்             12.1           11.5%
Grand Total     105.0          100.0%
```

கூட்டிப் பார்த்தால் 105 சரியாக வருகிறது. சதவீதமும் 100. கோவை முதலிடம், சேலம் கடைசி, மொத்த விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்கு கோவையிலிருந்து என்று எழுதிவிடலாம். மேலாளர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஆனால் கூட்டல் சரியாக வருவது இங்கே எதையும் நிரூபிக்காது. சாதாரண பிவட் டேபிளில் ஃபில்டர் போட்டு ஒரு வரியை மறைத்தால் அதன் தொகை `Grand Total`-லிருந்தும் போய்விடும். மீதி இருப்பவற்றின் கூட்டல்தான் மொத்தமாகத் தெரியும். சதவீதமும் அந்தக் குறைந்த மொத்தத்தை வைத்தே போடப்படுவதால், பாதி டேட்டாவை மறைத்தாலும் கீழே 100% என்றுதான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. ஷீட்டில் வரியைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து `Hide` கொடுத்திருந்தால் பிவட்டுக்கு அது தெரியாது. மொத்தம் அப்படியே இருக்கும். அப்போது கண்ணில் படும் வரிகளைக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாக வரும், இடது ஓர வரிசை எண்கள் 6, 7, 10 என்று தாவும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டல் இடித்தால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். இடிக்காமல் இருக்கும் படம்தான் ஆபத்து. (பல பேர் மூல டேட்டா ஷீட்டில் ஃபில்டர் போட்டுவிட்டு பிவட்டும் அதன்படி மாறும் என்று நினைக்கிறார்கள். மாறாது. மூலத்தில் மறைந்திருக்கும் வரிகளையும் பிவட் எடுத்துக்கொள்ளும்.)

சரி, அந்தப் படத்துக்கே வருவோம். முதல் தடயம் மேலே இருக்கிறது: `(Multiple Items)`. பில் வகைகளில் சிலவற்றை மட்டும் டிக் செய்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். எவை என்பதை அந்தச் சொல் சொல்லாது. எல்லாம் டிக் ஆகியிருந்தால் `(All)` என்று இருக்கும், ஒன்றே ஒன்று என்றால் அதன் பெயர் இருக்கும். இரண்டாவது தடயம், `Row Labels` பக்கத்துப் பட்டனில் வழக்கமான அம்புக்குறிக்குப் பதில் சின்னப் புனல் வடிவம். அப்படியானால் கிளைகளிலும் சிலவற்றை எடுத்துவிட்டிருக்கிறார்கள். மொபைலில் பார்த்தால் இந்தப் புனல் கண்ணுக்கே படாது, பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஃபைலை வாங்கித் திறந்தபோது கதை தெரிந்தது. மூல டேட்டாவில் பில் வகை மூன்று: ரொக்கம், கடன், ரிட்டர்ன். ரிட்டர்ன் சரக்குகள் மைனஸ் தொகையாகப் பதிவாகியிருந்தன. அனுப்பிய சரக்கை மட்டும் பார்ப்பதற்காக யாரோ ஒருவர் ரிட்டர்ன் டிக்கை எடுத்திருக்கிறார், அப்படியே சேவ் செய்துவிட்டார். ரிட்டர்ன் மொத்தம் 9 லட்சம், அதில் கோவையில் மட்டும் 7.4. மற்ற மூன்று கிளைகளுக்கும் சேர்த்து 1.6தான்.

கிளை ஃபில்டரின் கதை வேறு. அதைப் போட்டதில் தவறே இல்லை. கிடங்கிலிருந்து கிளைகளுக்குப் போகும் சரக்கும் அதே டேட்டாவில் 22 லட்சத்துக்குப் பதிவாகியிருந்தது. அது விற்பனை இல்லை என்பதால் கிடங்கின் டிக்கை எடுத்திருந்தார்கள், நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு கரூரில் புதிதாக ஒரு கிளை திறந்தார்கள். முதல் மாதமே 14 லட்சம் விற்பனை. டேட்டாவில் கரூர் வந்தது, ரெஃப்ரெஷும் செய்தார்கள், பிவட்டில் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு பெயராக டிக் எடுத்துப் போடும் ஃபில்டரில், பிறகு வரும் புதிய பெயர்களைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. `Field Settings` திறந்து `Subtotals & Filters` தாவலுக்குப் போனால் `Include new items in manual filter` என்று தெரியும். எடுத்த எடுப்பில் அது டிக் ஆகாமல்தான் இருக்கும். அதனால் கரூரை யாரும் மறைக்காமலே அது மறைந்துபோனது.

இப்போது சரியான கணக்கு: கோவை 35.2, திருப்பூர் 30.8, ஈரோடு 18.4, கரூர் 14, சேலம் 11.6. மொத்தம் 110. கோவையின் பங்கு 40.6 அல்ல, 32 சதவீதம். திருப்பூருக்கும் கோவைக்கும் 11.2 லட்சம் வித்தியாசம் என்று படம் காட்டியது, உண்மையில் 4.4தான். இத்தனைக்கும் மொத்தம் 105க்கும் 110க்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை. ரிட்டர்ன் விடுபட்டதால் 9 கூடியது, கரூர் விடுபட்டதால் 14 குறைந்தது, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மூடிவிட்டன. 'போன மாதமும் இந்த அளவுதானே' என்று யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம்.

எல்லா ஃபில்டரையும் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. `Clear Filters` கொடுத்தால் கிடங்கின் 22 லட்சமும் உள்ளே வந்து 132 என்று காட்டும். அதுவும் தப்பு. எந்த ஃபில்டர் வேண்டுமென்றே போட்டது, எது மறந்துபோய்த் தங்கியது என்பது எக்செலுக்குத் தெரியாது, அந்த வியாபாரம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். சோதிப்பதற்காகக் கிளியர் செய்வதானால் ஃபைலையே ஒரு நகல் எடுத்துச் செய்யுங்கள். பிவட்டை மட்டும் பக்கத்தில் காப்பி செய்தால் போதாது. ஸ்லைசர் என்ற ஃபில்டர் பட்டன் பெட்டி இணைக்கப்பட்டிருந்தால் காப்பியும் அதே ஸ்லைசரோடு ஒட்டிக்கொண்டு வரும், அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்.

ஸ்லைசர் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. படத்தில் புனலும் இல்லை, `(Multiple Items)`-ம் இல்லை என்பதால் ஃபில்டர் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேறொரு ஷீட்டில் வைத்திருக்கும் ஸ்லைசர் இந்த பிவட்டையும் கட்டுப்படுத்தலாம். அந்த ஃபீல்டு பிவட்டின் வரியிலோ நெடுவரிசையிலோ இல்லாவிட்டாலும் ஃபில்டர் வேலை செய்யும். டாஷ்போர்டு போட்டிருக்கும் ஃபைல்களில் இது சர்வசாதாரணம். அதோடு, `Field Headers` பட்டனை அணைத்தால் `Row Labels` தலைப்பும் புனலும் சேர்ந்தே மறைந்துவிடும். படம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஃபில்டர் உள்ளே இருக்கும். இந்த இரண்டையும் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. ஃபைல் கையில் இருந்தால் பிவட்டின் மேல் கிளிக் செய்து `PivotTable Analyze` தாவலில் `Filter Connections` பார்க்கலாம். வலது பக்க ஃபீல்டு பட்டியலில் எந்தப் பெயருக்குப் பக்கத்தில் புனல் இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

ஃபைல் கிடைக்காமல் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், நான் அனுப்புவது இந்த மாதிரி இருக்கும்: "சார், படத்தில் தெரியும் நான்கு கிளைகளுக்குள் கோவை 42.6 லட்சத்துடன் முன்னால் இருக்கிறது. ஆனால் பில் வகையிலும் கிளையிலும் ஃபில்டர் இருக்கிறது. அதனால் 105 என்பது மொத்தக் கம்பெனி விற்பனையா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பில் வகையில் எது எது டிக் ஆகியிருக்கிறது, எந்தக் கிளை விடுபட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சதவீதத்தை அதுவரை யாரிடமும் காட்ட வேண்டாம்." கேள்வி இரண்டுதான், கேட்பவருக்கு ஒரு நிமிட வேலை. ஃபில்டர் பற்றிப் பாடம் எடுத்தால் படிக்க மாட்டார்.

மாதாமாதம் ஒரே பிவட் போகிறது என்றால் இந்தக் கேள்வியே வராதபடி செய்துவிடலாம். மூல டேட்டாவை டேபிளாக்கி `Sales` என்று பெயர் வைத்து, பிவட்டுக்கு மேலே காலியாக உள்ள ஒரு செல்லில் இதைப் போடுங்கள்:

```
=ROUND(SUM(Sales[Amount])-GETPIVOTDATA("Sum of Amount",$A$3),2)
```

`$A$3` என்பது பிவட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு செல். மூலத்தின் மொத்தத்துக்கும் பிவட் காட்டும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் வரும். பூஜ்யம் என்றால் நிகரமாக விடுபட்ட தொகை இல்லை. நாம் பார்த்த ஃபைலில் இது 27 என்று காட்டியிருக்கும்: கிடங்கு 22, கரூர் 14, ரிட்டர்ன் மைனஸ் 9. அங்கே நியாயமாக வர வேண்டியது 22 மட்டும், எனவே பார்த்தவுடனே ஏதோ உறுத்தும். ரெஃப்ரெஷ் செய்ய மறந்தாலும் இதே செல் காட்டிக்கொடுத்துவிடும். `Grand Total` வரியை யாராவது அணைத்து வைத்தால் `#REF!` வரும். டேட்டா மாடலில் போட்ட பிவட்டுக்கு ஃபார்முலாவை இப்படியே எழுத முடியாது. அதில் `Include filtered items in totals` என்ற அமைப்பும் இருப்பதால், மறைத்த வரிகளின் தொகைகூட மொத்தத்தில் நிற்கலாம்.

கிடங்கை விலக்க டிக் எடுப்பதற்குப் பதில் `Label Filters` போய் `Does Not Equal` என்று கிடங்கின் பெயரைக் கொடுத்தால், நாளைக்கு நாமக்கல்லில் கிளை திறந்தாலும் ரெஃப்ரெஷ் செய்தவுடன் தானாக வரும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரிடம் நான் கேட்பதும் கொஞ்சம்தான். பிவட்டுக்கு மேலே இருக்கும் ஃபில்டர் வரிகள், இடது ஓர எண்கள், அந்தச் சோதனைச் செல் மூன்றும் படத்துக்குள் வர வேண்டும். அழகுக்காக வெட்டாமல் அனுப்பினாலே போதும்.