மழை பெய்தால் ஏன் பிராட்பேண்ட் அறுந்துபோகிறது?

செம்புக் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு அடிக்கடி அறுந்தால், முதலில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். Line Attenuation என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வருவதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. SNR Margin என்பது இப்போதைய வேகத்துக்குத் தேவையானதற்கு மேல், இரைச்சலைத் தாங்க இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைச் சொல்கிறது.

இணைப்பு ஏற்படும்போது மோடம் லைனின் நிலையை அளந்து, பெரும்பாலும் 6 டெசிபல் மிச்சம் வைத்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறது. அதன்பிறகு இரைச்சல் கூடினால் அந்த மிச்சம் கரையும். முதலில் CRC பிழைகள், அதாவது தரவு சிதைந்து வந்து சேர்வதன் எண்ணிக்கை ஏறும், அப்புறம் லைன் அறுந்து, குறைந்த வேகத்தில் மறுபடி சேரும்.

தேய்மானம் 60 டெசிபலை நெருங்கினால் எக்ஸ்சேஞ்ச் தொலைவில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு லைன்மேன் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ஆனால் தேய்மானம் 28 டெசிபல்தான், அதாவது தூரம் சுமார் 2 கிலோமீட்டர்தான், மழை வந்தால் மட்டும் மார்ஜின் 9-லிருந்து 2-க்கு இறங்குகிறது என்றால்? அங்கே சந்தேகம் கம்பியோடு கம்பி சேரும் ஜாயின்ட்டின் மேல்தான் விழ வேண்டும்.

ஜோடிக் கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுகிறது. மோடம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். ஒரு கம்பியின் ஜாயின்ட் மட்டும் களிம்பு பிடித்தால் இந்தச் சமநிலை கெட்டு, இரைச்சலும் சிக்னலாகவே உள்ளே வருகிறது.

இதற்கு ஓர் அருமையான அடையாளம் உண்டு. போன் ரிசீவரை எடுத்ததும் நெட் சரியாகி, வைத்ததும் திரும்பக் கெடும். ரிசீவரை எடுக்கும்போது லைனில் ஓடும் நேர் மின்னோட்டம் ஜாயின்ட்டில் படிந்த ஆக்சைடு படலத்தைச் சற்று நேரம் ஊடுருவிவிடுவதுதான் காரணம்.

லைன்மேன் வந்ததும் வீட்டு வயரிங்கையும், போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தைப் போட்டுப் பார்ப்பார். அங்கும் மார்ஜின் ஏறாவிட்டால் கோளாறு வெளியே. எக்ஸ்சேஞ்சில் லைனைப் பிரித்து, மறுமுனையில் இரண்டு கம்பிகளையும் ஒரு நல்ல உதிரிக் கம்பியோடு சேர்த்து முடிச்சிட்டு, ஒவ்வொன்றாக அந்த உதிரிக் கம்பியோடு மின்தடையை அளப்பார். 0.5 மில்லிமீட்டர் கம்பி என்றால் 2 கிலோமீட்டருக்குப் போய்த் திரும்ப 340 ஓம் அளவில் வரவேண்டும். ஒரு கம்பிக்கு 340, மற்றதற்கு 410 என்றால் அந்த 70 ஓம்தான் குற்றவாளி. மெக்கர் என்ற இன்சுலேஷன் அளக்கும் கருவியை வைத்துக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலான இன்சுலேஷனையும் பார்ப்பார். ஈரம் இறங்கியிருந்தால் அங்கே மெகாஓம்கள் கிலோஓம்களாகச் சரிந்திருக்கும்.

அப்புறம் தெருவோரக் கேபிள் பெட்டியான பில்லர், வீடுகளுக்குக் கம்பி பிரியும் டிபி பெட்டி என்று ஒவ்வொரு இடமாகப் பிரித்து அளந்துகொண்டே வருவார். டிபி வரை இரண்டும் சமமாக இருந்தால் மிச்சம் வீட்டுக்கு வரும் டிராப் வயர்தான். நடுவில் யாரோ கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் இருக்கும். பிரித்தால் செம்பு பச்சையாகியிருக்கும். வெறும் டேப்பை மாற்றினால் அடுத்த மழைக்குள் திரும்ப வரும். வயரைப் புதிதாகவே இழுப்பது நல்லது. முடியாவிட்டால் பச்சைப் பகுதியை வெட்டியெறிந்து, ஜெல் அடைத்த கனெக்டர் போட வேண்டும். பிறகு இரண்டு கம்பிகளும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் லைனை எக்ஸ்சேஞ்சில் திரும்பச் சேர்க்க வேண்டும்.